இருப்பு மைனஸில் போகவே இல்லை, பிறகு ஏன் வட்டி?

கேள்வி: என் நடப்புக் கணக்கில் 1,50,000 வரை ஓவர்டிராஃப்ட் உண்டு, வட்டி 12%. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் கையிருப்பு 40,000. 6ஆம் தேதி 2,00,000க்கு ஒரு காசோலை போட்டேன். 7ஆம் தேதி 1,80,000 வெளியே அனுப்பினேன். ஸ்டேட்மெண்டில் இருப்பு ஒரு நாள்கூட மைனஸில் இல்லை. ஆனால் 138.08 வட்டி பிடித்திருக்கிறார்கள். 60,000 இருந்த அன்றைக்கே 25,000 தவணை பணம் போதாமல் திரும்பியதாக ஒரு கட்டணம் வேறு. ஒவ்வொரு வரிக்கும் மூன்று தேதி போட்டிருக்கிறது, காசோலை வரியில் மட்டும் மதிப்புத் தேதி 10 என்று இருக்கிறது. வங்கி தப்புக் கணக்குப் போடுகிறதா?

பதில்:

இல்லை, கணக்கு சரிதான். நீங்கள் பார்த்த இருப்பு பதிவுத் தேதிப்படி எழுதியது. வட்டி போட்டது மதிப்புத் தேதிப்படி. நான் பல வருடம் வங்கிக் கணக்குகளை ஒத்துப்பார்க்கும் வேலையில் இருந்தவன். “மைனஸே இல்லையே” என்று சண்டைக்கு வருபவர்களில் பாதிப் பேரின் கதை உங்களுடையதுதான்.

பரிவர்த்தனைத் தேதி என்பது நீங்கள் காரியத்தைச் செய்த நாள். அதாவது காசோலையைக் கொடுத்த நாள், கார்டைத் தேய்த்த நாள். பதிவுத் தேதி என்பது வங்கி அதைத் தன் பேரேட்டில் எழுதிய நாள். ஸ்டேட்மெண்டின் கடைசிப் பத்தியில் ஏறி இறங்கும் இருப்பு இந்த வரிசையில்தான் கூட்டப்படுகிறது. மதிப்புத் தேதி, அதாவது வேல்யூ டேட், அந்தப் பணம் வட்டிக் கணக்கில் உங்களுடையதாக ஆகும் நாள். பணம் வெளியே போகிறதென்றால், உங்களுடையதாக இல்லாமல் போகும் நாள். பல வரிகளில் மூன்றும் ஒரே நாளாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. காசோலை, விடுமுறை, திருத்தப் பதிவு, இந்த மூன்று இடங்களில்தான் அவை பெரும்பாலும் பிரிகின்றன.

இப்போது உங்கள் ஐந்து நாட்களை மதிப்புத் தேதிப்படி எழுதிப் பாருங்கள். 6ஆம் தேதி வியாழன். காசோலை பேரேட்டில் ஏறியதால் திரையில் 2,40,000 தெரிந்தது. ஆனால் எதிர் வங்கியிலிருந்து பணம் இன்னும் வரவில்லை. மதிப்புத் தேதிப்படி அன்றிரவு உங்களிடம் இருந்தது பழைய 40,000 மட்டுமே. 7ஆம் தேதி வெள்ளி அன்று 1,80,000 போனது. அனுப்பிய பணத்துக்குப் பதிவும் மதிப்பும் அதே நாள். திரையில் 60,000 மிச்சம், மதிப்புக் கணக்கிலோ 1,40,000 பற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எதுவும் அசையாது, ஆனால் வட்டிக்கு விடுமுறை கிடையாது. திங்கள் 10ஆம் தேதி காசோலைப் பணம் மதிப்புக்கு வந்தது. அன்றைக்குத்தான் இரண்டு கணக்கும் 60,000 என்று ஒன்று சேர்கின்றன.

ஆக வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் நீங்கள் வங்கியின் பணத்தில் 1,40,000 வைத்திருந்தீர்கள். வங்கிகள் ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள தொகையைக் கூட்டிக்கொண்டே வரும். 1,40,000 மூன்று நாளுக்கு என்றால் 4,20,000. அதை 12 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் 138.08. ஒரு பைசா பிசகில்லை. இதே காசோலையைப் புதன்கிழமை போட்டு, அது வெள்ளிக்கிழமை மதிப்புக்கு வந்திருந்தால் வட்டியே விழுந்திருக்காது. வாரக் கடைசி நடுவில் வந்ததுதான் இந்த 138ஐ இவ்வளவு ஆக்கியது.

கட்டணத்தின் கதை கொஞ்சம் வேறு. அதைத் தீர்மானிப்பது மேலே சொன்ன இரண்டு இருப்பும் அல்ல, எடுக்கக்கூடிய இருப்பு. வெள்ளிக்கிழமை காலை அது 40,000 சொந்தப் பணமும் 1,50,000 வரம்பும் சேர்ந்து 1,90,000. வராத காசோலைக்கு அதில் இடமில்லை. 1,80,000 போன பிறகு மிச்சம் 10,000. அன்றே 25,000 தவணை வந்து நின்றபோது திரை 60,000 என்று காட்டினாலும், கொடுக்க இருந்தது பத்தாயிரம்தான். அதனால் அது திரும்பியது, கட்டணம் விழுந்தது.

எடுக்கக்கூடிய இருப்பும் மதிப்புத் தேதியும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகிய வாடிக்கையாளர் என்றால் சில வங்கிகள் வசூலாகாத காசோலையின் மேலேயே பணம் எடுக்க விடும். “கையில் எடுத்துவிட்டேனே, அப்படியானால் அது என் பணம்தானே” என்று நினைக்கத் தோன்றும். இல்லை. எடுக்க விட்டது ஒரு சலுகை, மதிப்புத் தேதி வரும்வரை அதற்கு வட்டி ஓடும்.

காசோலைக்கு ஏன் இந்த இடைவெளி என்றால், நீங்கள் கொடுத்தது பணம் அல்ல, பணம் கேட்கும் தாள். எழுதியவரின் வங்கி அதைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, வங்கிகளுக்கு இடையிலான தீர்வில் தொகை கைமாறும்வரை உங்கள் வங்கியும் காத்திருக்கிறது. ஆனால் பணம் வந்து சேர்ந்த பிறகும் மதிப்பை ஓரிரு நாள் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் வட்டி சம்பாதிக்கும் பழக்கமும் வங்கித் தொழிலில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் தன் 2015ஆம் ஆண்டுக் கட்டணச் சேவைச் சட்டத்தில், பணம் பெறுபவரின் வங்கிக்கு வந்த அதே வேலை நாளுக்குள் மதிப்புத் தேதி தர வேண்டும் என்று எழுதி வைத்தது. பற்று வைக்கும்போது, தொகையைக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு முந்தைய நாளை மதிப்புத் தேதியாகப் போடக் கூடாது என்பது அதன் மறுபாதி. தாள் காசோலை அந்தச் சட்டத்துக்குள் வராது. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், வங்கியின் கட்டண அட்டவணையிலோ கணக்கு நிபந்தனைகளிலோ காசோலைக்கு எத்தனை வேலை நாள் என்று எழுதியிருக்கும். உங்கள் வரியில் வியாழனிலிருந்து திங்கள், அதாவது இரண்டு வேலை நாள். அட்டவணையில் ஒரு நாள் என்றிருந்தால் அப்போது சண்டை போடலாம்.

மதிப்புத் தேதி பின்னோக்கியும் போகும். அந்தக் காசோலை 12ஆம் தேதி பணமில்லாமல் திரும்பியிருந்தால், திருப்பிய பற்று 12ஆம் தேதி பதிவாகும், ஆனால் மதிப்புத் தேதியை முதலில் கொடுத்த அதே 10 என்று போடுவார்கள். வராத பணத்துக்கு ஒரு நாள் பயனும் உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக. அப்போது நேற்று வரை சரியாக இருந்த 10, 11ஆம் தேதிகளின் வட்டிக் கணக்கு, இருந்த இடத்திலேயே மாறிவிடும். திரையில் பழைய வரிகள் ஒன்றும் மாறியிருக்காது. போன மாதத்து வட்டிக்குத் திருத்தம் என்று திடீரென ஒரு வரி வந்தால், முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட பின்தேதிப் பதிவைத்தான்.

(கிரெடிட் கார்டில் மதிப்புத் தேதி பெரும்பாலும் தலைகாட்டாது. அங்கே போட்டி பரிவர்த்தனைத் தேதிக்கும் பதிவுத் தேதிக்கும். ஒரு செலவு எந்த மாதப் பில்லில் விழும் என்பதைப் பொதுவாகப் பதிவுத் தேதி சொல்கிறது. வட்டி எந்த நாளிலிருந்து ஓடும் என்பது கார்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அது தனிக் கேள்வி, இங்கே விடுகிறேன்.)

நீங்களே சரிபார்க்க, ஸ்டேட்மெண்டை விரிதாளில் இறக்குங்கள். C பத்தியில் மதிப்புத் தேதி, D பத்தியில் தொகை, பற்றுக்கு மைனஸ் குறியோடு. தொடக்க இருப்பையும் மாதத்துக்கு முந்தைய நாள் தேதியிட்டு ஒரு வரியாகச் சேருங்கள். F பத்தியில் மாதத்தின் ஒவ்வொரு நாளையும், விடுமுறை உட்பட, எழுதுங்கள். G பத்தியில் முதல் வாய்பாடு, H பத்தியில் இரண்டாவது:

```
=SUMIFS(D:D,C:C,"<="&F2)
=MIN(G2,0)*12/36500
```

முதலாவது அந்த நாளின் மதிப்பு இருப்பு. இரண்டாவது, அது பற்றில் இருந்தால் அன்றைய வட்டி, மைனஸ் குறியோடு வரும். H பத்தியைக் கூட்டினால் வங்கி பிடித்த தொகையோடு ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் மட்டும் இடித்தால் 365க்குப் பதில் 360ஆல் வகுக்கிறார்களா என்று பாருங்கள், அப்படிக் கணக்குப் போடும் வங்கிகளும் உண்டு. நிறைய இடித்தால் தொடக்க வரியைச் சந்தேகியுங்கள். போன மாதக் கடைசியில் பதிவாகி, இந்த மாதம் மதிப்புக்கு வந்த காசோலை ஏதாவது அந்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கலாம். அதைப் பிரித்து அதன் சொந்தத் தேதியில் போட வேண்டும்.

சில வங்கிகள் அச்சு ஸ்டேட்மெண்டில் மதிப்புத் தேதியைக் காட்டாமலே விட்டுவிடுகின்றன. நிறுவனக் கணக்கு என்றால் MT940 கோப்பை, அதாவது கணினி படிக்கும் வடிவில் உள்ள ஸ்டேட்மெண்டைக் கேளுங்கள். உங்கள் காசோலை அதில் இப்படி இருக்கும்:

```
:61:2502100206C200000,00NCHKNONREF
```

முதல் ஆறு இலக்கம், 250210, மதிப்புத் தேதி. அடுத்த நான்கு, 0206, பதிவு நாள். C என்றால் வரவு. மதிப்புத் தேதிதான் கட்டாயம், பதிவு நாளை விட்டுவிடலாம் என்பது அந்த வடிவத்தின் விதி. வங்கிகள் தங்களுக்குள் எதைப் பெரிதாக நினைக்கின்றன என்பது இதிலேயே தெரிகிறது.

வங்கி உண்மையிலேயே தப்புச் செய்யும் இடம் திருத்தப் பதிவுகள். எனக்கே நடந்தது. ஒரு மாதம் 3ஆம் தேதி 3,00,000 பற்று இரண்டு முறை விழுந்துவிட்டது. கணக்கு ஏற்கெனவே ஓவர்டிராஃப்டில் இருந்தது. 12ஆம் தேதி மன்னிப்புக் கடிதத்தோடு பணத்தைத் திருப்பிப் போட்டார்கள், மதிப்புத் தேதியும் 12. இருப்பு சரியாகிவிட்டதால் முதலில் நானும் விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் வட்டி 887.67 கூட வந்தபோதுதான் உறைத்தது: 3,00,000 ஒன்பது நாள், 12 சதவீதம். “பணத்தைத் திருப்பிவிட்டோமே” என்றார் கிளையில் இருந்தவர். நான் வட்டியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. வரவின் மதிப்புத் தேதியை 3 ஆக்குங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அப்படிக் கேட்டால் யாரும் தனியாகக் கணக்குப் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை, தேதி மாறியதும் வட்டியைக் கணினியே மறுபடி போட்டுவிடும். அடுத்த வாரம் 887.67 தனி வரவாக வந்தது.