ஆறு பேருக்குப் பிரசங்கம்: மன்னிப்பு எதற்கு?

"ஆராதனைக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள். கூட்டம் குறைவு என்று வருத்தம் தெரிவிக்காமல் அன்பாகப் பிரசங்கம் செய்வது எப்படி?"

எளிமையாகச் சொன்னால், வராதவர்களைப் பற்றிப் பேசாமல் வந்தவர்களிடம் பேசுவது. "இன்றைக்கு மழை, அதான் கொஞ்சம் பேர்" என்று ஆரம்பித்தால், சிரமப்பட்டு வந்தவர் காதில் அது 'நீங்கள் போதாது' என்றுதான் விழும். பத்துப் பேரை விருந்துக்கு அழைத்து நாலு பேர் வந்திருக்கும்போது, பரிமாறுகிறவர் காலி இலைகளையே பார்த்துப் புலம்பினால் சாப்பிடுகிறவருக்கு எப்படி இறங்கும்?

எண்பது இருக்கை உள்ள இடம் என்றால், மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்கு எதிரே வந்துவிடுங்கள், மைக் வேண்டாம், குரலும் தானாக இறங்கும். நூறு பேருக்கு எழுதிய அரை மணி நேரப் பிரசங்கத்தைப் பாதியாக்கி, ஒரு கேள்வி கேட்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருங்கள் (அந்த மௌனம் பயமாகத்தான் இருக்கும்). இதில் ஒரு ஆபத்தும் உண்டு: ஆறு பேரில் ஒருவர் கடனில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்றால், கடன் பற்றிய உதாரணம் அவரைச் சுட்டுவதாகிவிடும். அவர் தலை குனிந்தால் புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட உதாரணத்தை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொந்தத் தடுமாற்றத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், "இரண்டு மூன்று பேர் கூடினாலும்" என்ற மத்தேயு 18:20 சின்னக் கூட்டத்துக்கான ஆறுதல் வசனம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பேச்சு, தவறு செய்த சகோதரனைச் சபை எப்படி நடத்துவது என்பது பற்றியது.