போன் வீடியோவில் பின்னணி மங்கல்

கேள்வி: போட்டோவில் போர்ட்ரெய்ட் அழகாக வருகிறது. வீடியோவில் மட்டும் தலைமுடி ஓரம் துடிக்கிறது. என்ன செய்வது?

போர்ட்ரெய்ட் மங்கல் லென்ஸ் தருவதன்று. எது அருகில், எது தூரத்தில் என்று போன் கணித்து, பின்னணியை மங்கலாக்குகிறது. வீடியோவில் இதை நொடிக்கு 30 முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓரம் சற்றே மாறுவதால்தான் முடி துடிக்கிறது. கண்ணாடி டம்ளர், விரல் இடுக்குகளிலும் இதே கோளாறுதான்.

போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு உண்மையான மங்கலைத் தேடுங்கள். ஒளி புகும் திறப்பு பெரிதானால்தான் மங்கல் கூடும். போனின் முதன்மை லென்ஸ் திறப்பு ஏறத்தாழ 4 மி.மீ. மட்டுமே; 50 மி.மீ., எஃப் 1.8 கேமரா லென்ஸில் அது 28 மி.மீ. ஆகவே தூரத்தைத்தான் நம்ப வேண்டும். பூவையோ சமைக்கும் கையையோ முதன்மை லென்ஸில் 20–25 செ.மீ. தூரத்துக்கு நெருங்கி எடுங்கள், பின்னணி சில மீட்டர் தள்ளியிருக்கட்டும். மிக நெருக்கமாக எடுக்க உதவும் மேக்ரோ மோடை அணைத்துவிடுங்கள், இல்லையெனில் போன் அகலக்கோண லென்ஸுக்குத் தாவி மங்கலைக் கெடுத்துவிடும்.

முகத்துக்கு, தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் நல்லது. ஆனால் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமலே முதன்மை லென்ஸ் படத்தை வெட்டிப் பெரிதாக்கும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள்: திரை இருளாவிட்டால் அது வேலை செய்யவில்லை. விளக்கைக் கூட்டுங்கள்.