கட்டு மாற்றிய பஞ்சு, கையுறை, மாஸ்க்: வீட்டில் எப்படிக் கழிப்பது?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். தினமும் கால் கட்டு மாற்றுகிறோம், இப்போது காய்ச்சலும் இருமலும் சேர்ந்துகொண்டது. கழற்றிய பஞ்சு, கிளவுஸ், மாஸ்க் எல்லாவற்றையும் மற்றவர்களுக்குத் தொற்றாமல் எப்படித் தூக்கிப் போடுவது?

மாஸ்க்கையும் புண் கட்டையும் ஒரே பையில் போடாதீர்கள். இரண்டுக்கும் வழி வேறு.

கொரோனா காலத்தில், 2020-ல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடுகளுக்குச் சொன்னது இது: மாஸ்க்கைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு குப்பையில் போடுங்கள். காகிதப் பையில் ஈரம் காயும், காயக் காய வைரஸ் செயலிழக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் எச்சில் ஈரம் அப்படியே நிற்கும். பையின் மேல் தேதியை எழுதி, யார் கையும் படாத மூலையில் வைத்துவிடுங்கள். மாஸ்க்கைக் கழற்றும்போது காதுக் கயிற்றை மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கத்தைத் தொடக் கூடாது. வெட்டிப் போடச் சொல்வது மறுபடி யாரும் எடுத்து மாட்டாமல் இருக்கத்தான். அதை மூன்று நாள் கழித்துச் செய்யுங்கள், கழற்றிய கையோடு வேண்டாம்.

இந்த 72 மணி நேரக் கணக்கைச் சீழ் பட்ட காஸ் துணிக்குப் போட்டுவிடாதீர்கள். புண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் சில, காய்ந்த துணியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்டுக் கழிவை வீட்டில் சேர்த்து வைக்கக் கூடாது, அன்றன்றைக்கே வெளியேற வேண்டும்.

கிருமி பரவுவது பெரும்பாலும் குப்பைத் தொட்டியில் இல்லை. கழற்றிய கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பையைத் தேடும் அந்த அரை நிமிடத்தில்தான். அதனால் கட்டை அவிழ்க்கும் முன்பே பை தயாராக இருக்கட்டும். அடியில் இரண்டு தாள் செய்தித்தாள் போட்டு, பையின் வாயை நாலு விரல் அளவுக்கு வெளிப்பக்கம் மடித்து, கைக்கு எட்டும் ஸ்டூலில் வையுங்கள். காலுக்குக் கீழேயும் ஒரு செய்தித்தாள். ஒட்டிக்கொண்ட காஸை வெடுக்கென்று இழுக்காமல் சலைன் விட்டு ஊறவைத்து எடுங்கள்.

எடுத்த கட்டை உருட்டி உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் அந்தக் கிளவுஸின் மணிக்கட்டுப் பகுதியை வெளிப்புறமாகக் கிள்ளி, விரல் பக்கமாக உரியுங்கள். கிளவுஸ் உள்பக்கம் வெளியே புரண்டு, கட்டு அதற்குள்ளேயே பொதிந்துவிடும். அந்தப் பொட்டலத்தை மற்ற கைக்குள் வைத்து, வெறும் விரலை மிச்சமிருக்கும் கிளவுஸின் உள்பக்கம் நுழைத்து, அதையும் அப்படியே புரட்டினால் எல்லாம் ஒரே உருண்டை. பைக்குள் போட்டுவிட்டுக் கையைச் சோப்பால் கழுவி, புது கிளவுஸ் மாட்டிப் புதுக் கட்டுப் போடுங்கள். பழைய கட்டை எடுத்த கிளவுஸோடேயே புதியதையும் கட்டுகிறவர்கள் நிறைய. அந்தச் சிக்கனம் புண்ணுக்கு ஆகாது.

முடித்ததும் கீழே விரித்த தாளை உள்பக்கமாகச் சுருட்டி, இந்த இரண்டாவது கிளவுஸோடு பைக்குள். மடித்த வாயை மேலே இழுத்தால் அந்த வெளிவிளிம்பு சுத்தமாக இருக்கும், அதை முறுக்கி முடிச்சுப் போடுங்கள். இடம் போதவில்லை என்று பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றாதீர்கள், அது உங்கள் முகத்துக்குத்தான் வரும். முக்கால் பைக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். கை கழுவிய பிறகு இதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். கதவு, சுவிட்ச், செல்போன் எல்லாம் கை கழுவிய பிறகுதான்.

பையை ராத்திரி வாசலில் வைத்தால் விடிவதற்குள் நாய் பிரித்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும். மூடி போட்ட வாளியில் வைத்து, காலையில் வண்டி வந்ததும் ‘இது புண் கட்டு, பிரிக்காதீங்க’ என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையுமே யாரோ கையால் பிரிக்கிறார்கள். பல மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்கு ஒரு பக்கம் இருக்கும், இதற்கு ஒரு வரி இருக்காது. கடைசியில் தூய்மைப் பணியாளரின் வெறுங்கைதான் அந்த வரி.

‘எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடரில் ஊறப் போடுங்கள்’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். சீழும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும், நடுவில் இருக்கும் பஞ்சுக்கு மருந்து எட்டாது, வடிக்கும்போது மேலே தெறிப்பதுதான் மிச்சம். பிளீச்சிங் பவுடர் தரையில் சிந்திய இடத்துக்கு: முதலில் தாளால் துடைத்தெடுத்து, லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு மட்டும் சேர்ந்துவிடக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

மஞ்சள் பை வாங்கிப் போடலாமா என்றால், பையின் நிறத்தால் எதுவும் நடக்காது. மருத்துவமனையின் மஞ்சள் பை எரிப்பு நிலையத்துக்குப் போவது அதற்கென்று தனி வண்டி வருவதால். உங்கள் வீட்டுப் பை எந்த நிறமானாலும் அதே குப்பை வண்டிதான். நர்ஸ் வந்து கட்டு மாற்றினால் கழிவை எடுத்துப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கொல்லையில் எரிக்காதீர்கள்: மாஸ்க் பிளாஸ்டிக் இழை, புகையை முதலில் இழுக்கப்போவது இருமிக்கொண்டிருக்கும் அப்பா. டாய்லெட்டில் போட்டால் குழாய் அடைக்கும்.

இன்சுலின் ஊசி இருந்தால் அது இந்தப் பைக்குள் வரவே கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடியைத் திருகி வைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் ஊசிக் கழிவு வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையிலோ லேபிலோ கொடுத்துவிடுங்கள்.