முதல் வரைவுக்கு என்ன குறிப்பு எழுதுவது?

கேள்வி: புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய கள அறிக்கை மிகவும் சுமாராக இருக்கிறது. அவர் மனம் கோணாமல், ஆனால் அறிக்கை திருந்தும்படி எப்படி எழுதி அனுப்புவது?

எழுத்துப்பிழைகளில் இப்போது கை வைக்காதீர்கள். ஓரமெல்லாம் சிவப்பு மை பூசி அனுப்பினால் ஒற்று மட்டும் திருந்தி வரும். தவறான முடிவு அப்படியே நிற்கும். எழுதிய முடிவை எண்கள் தாங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

திருவாரூர்ப் பக்கம் நெல் மகசூல் ஆய்வுகளைத் தொகுப்பது என் வேலை. அண்மையில் வந்த ஒரு வரைவில், மேல்மடை ஊரில் ஏக்கருக்கு 45 மூட்டை, கடைமடை ஊரில் 30 மூட்டை என்றும், தண்ணீர் எட்டாததால் மூன்றில் ஒரு பங்கு மகசூல் போய்விட்டது என்றும் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் ஆபத்து. நான் அனுப்பிய குறிப்பு இது:

"தம்பி, கடைமடைக்காரர்கள் மாவுக்கு 10 மூட்டை என்று சொன்னதை அப்படியே பதிந்து, மூன்று மா ஓர் ஏக்கர் என்று பக்கத்திலேயே கணக்கையும் காட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் சரிபார்க்க முடிந்தது. ஒரு சந்தேகம்: இரண்டு ஊரிலும் மூட்டை என்றால் எத்தனை கிலோ? கொள்முதல் நிலையத்தில் போட்டவர் 40 கிலோ சிப்பத்தை எண்ணிச் சொல்வார். வியாபாரியிடம் போட்டவர் பெரும்பாலும் 60 கிலோ மூட்டையை. போனில் கேட்டு, எல்லாவற்றையும் ஏக்கருக்குக் கிலோ என்று மாற்றி, வியாழனுக்குள் அட்டவணையை மட்டும் அனுப்புங்கள். முடிவுரையை அதன்பின் பார்ப்போம். நடையைத் தொட வேண்டாம்."

45 சிப்பம் 1,800 கிலோ; 30 மூட்டையும் 1,800 கிலோ. இதை நானே போட்டுக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றியிருப்பார். கேட்டதால் எல்லா வரிசையையும் விசாரித்தார். தவிர, களத்தில் நின்றவர் அவர். என் ஊகமும் தவறாக இருக்கலாம்.

விசாரித்ததில் மேல்மடையில் ஏறக்குறைய எல்லோரும் சிப்பத்தைத்தான் எண்ணியிருந்தார்கள். கடைமடையில் அறுவடை நேரத்து மழையில் நெல் நனைந்திருந்தது. கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். காயவைக்கக் களம் கிடைக்காதவர்கள் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளியிருந்தார்கள். ஆக, போனது மகசூல் இல்லை, விலை. அடுத்த வரைவு அதைப் பற்றித்தான் பேசியது.

பாராட்டைப் பொறுத்தவரை, "நல்ல முயற்சி" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள்; யாரும் நம்புவதில்லை. அவர் செய்ததில் உங்களுக்கு உண்மையில் பயன்பட்டது எது என்று ஒரு வரி போதும். அதே பிழை இரண்டாம் வரைவிலும் வந்தால் குறிப்பு எழுதாமல் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வரிசையைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஒற்றுப்பிழையை அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளலாம்.