ப்ரையர் p(1−p)^37 என்றால் Beta(1, 37) தானே? என் விடை ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: புத்தகப் பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் மங்கல், மன்னிக்கவும். வார்ப்புப் பாகங்களின் பழுது விகிதம் p. அதன் ப்ரையர் p(1−p)^37-க்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 60 பாகங்களைச் சோதித்ததில் 6 பழுது. போஸ்டீரியரின் சராசரி என்ன? அடுத்த 10 பாகத்தில் ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருக்க நிகழ்தகவு என்ன? எனக்கு 0.0714, 0.477 என்று வருகிறது. விடைப் பக்கத்தில் 0.08, 0.451. சரி, அவர்கள் சொல்லும் 0.08-ஐயே வைத்து 0.92-ஐப் பத்து தடவை பெருக்கிப் பார்த்தேன், 0.434 வருகிறது. புத்தகம் தப்பா, நான் தப்பா?

பதில்:

புத்தகம் சரி. உங்கள் கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கல். முதலாவது அடுக்கை வாசித்த விதத்தில். இரண்டாவது கடைசிப் படியில், அதுதான் கொஞ்சம் ஆழமானது.

முதலில் போட்டோ. அந்த அடுக்கின் இரண்டாவது இலக்கம் பக்க மடிப்பில் போய்விட்டது. 37-ஆ 31-ஆ என்று எனக்குமே சந்தேகம் வந்தது. ஆனால் கணக்கின் முதல் வரியில் "இதுவரை கண்ட சராசரிப் பழுது 5 சதவீதம்" என்று தெளிவாக இருக்கிறது. 37 என்று எடுத்தால் ப்ரையர் Beta(2, 38), சராசரி 2/40, அதாவது சரியாக 0.05. 31 என்றால் 2/34, கிட்டத்தட்ட 0.059. ஆகவே 37 தான். மங்கலான படத்தில் ஓர் எண்ணை ஊகிக்க வேண்டி வந்தால், கணக்கிலேயே வேறெங்காவது அதைக் காட்டிக்கொடுக்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது முதல் சறுக்கல். நீங்கள் p-யின் அடுக்கு 1, (1−p)-யின் அடுக்கு 37 என்பதைப் பார்த்து Beta(1, 37) என்று எழுதிவிட்டீர்கள். பீட்டா பரவலின் வரையறை இது:

```
Beta(a, b):  p^(a−1) · (1−p)^(b−1)
```

அந்த "கழித்தல் ஒன்று" எல்லாரையும் ஒரு தடவையாவது கவிழ்த்துவிடும். அடுக்கு 1 என்றால் a = 2. அடுக்கு 37 என்றால் b = 38.

தரவைச் சேர்க்கும் படியை நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். 60-ல் 6 பழுது, 54 நல்லது. அதன் பங்கு p^6 (1−p)^54. முன்னால் வரும் 60C6-இல் p கிடையாது, வெறும் மாறிலி, அதை விட்டுவிடலாம். ப்ரையரோடு பெருக்கினால்:

```
p · p^6 = p^7
(1−p)^37 · (1−p)^54 = (1−p)^91
```

p^7 (1−p)^91. இதுவரை உங்கள் தாளும் புத்தகமும் ஒன்றே. இங்கிருந்து நீங்கள் 7/(7+91) = 7/98 = 0.0714 என்று போனீர்கள். வரையறைப்படி இது Beta(8, 92). அதன் சராசரி 8/100 = 0.08.

உங்கள் 0.0714 குப்பையில் போட வேண்டிய எண் அல்ல, அது இன்னொரு கேள்விக்கு விடை. p^7 (1−p)^91 என்ற வளைவு எங்கே உச்சம் தொடுகிறது என்று வகையிட்டுப் பாருங்கள். 7(1−p) = 91p என்று வரும், p = 7/98. அதாவது நீங்கள் கண்டுபிடித்தது போஸ்டீரியரின் முகடு, கேட்டது சராசரி. வளைவு இடப்பக்கம் பூச்சியத்தை ஒட்டி நெருக்கமாக நிற்கிறது, வலப்பக்கம் வாலை நீட்டுகிறது. அந்த வால் சராசரியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுப்பதால்தான் 0.0714-க்கும் 0.08-க்கும் இடைவெளி. அடுத்த தடவை உங்கள் சராசரி விடையை விடச் சற்றுக் குறைவாக வந்தால், முகட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள்.

0.08 எங்கிருந்து வருகிறது என்பதை மனக்கணக்காகவும் போடலாம். ப்ரையரின் 2 + 38 = 40 என்பதை, ஏற்கெனவே 40 பாகம் பார்த்து அதில் 2 பழுது கண்ட அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்த்தது 60. பழையது 5 சதவீதம் என்கிறது, புதியது 10 சதவீதம் என்கிறது. 40-க்கு 60 என்ற எடையில் கலந்தால் 8 சதவீதம்.

சரி, இப்போது இரண்டாவது சறுக்கல். 0.08 சரி என்றால் 0.92-ஐப் பத்து தடவை பெருக்குவதில் என்ன தப்பு?

p உறுதியாகத் தெரிந்த எண்ணாக இருந்தால் தப்பே இல்லை. பூவா தலையா போடும் நாணயத்தில் ஒருபக்கச் சாய்வு இல்லை என்று தெரிந்தால், பத்தும் தலை விழ 0.5-ஐப் பத்து தடவை பெருக்குவோம். ஒன்பது தலை விழுந்த பிறகும் பத்தாவதற்கு அதே 0.5 தான். இங்கே நமக்கு p தெரியாது. 0.08 என்பது நம் கணிப்பின் நடு மட்டுமே. இந்த போஸ்டீரியரின் திட்டவிலக்கம் சுமார் 0.027. உண்மையான p 0.05 ஆகவும் இருக்கலாம், 0.11 ஆகவும் இருக்கலாம்.

அடுத்த பத்துப் பாகத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பதாக நினையுங்கள். முதலாவது நல்லதாக இருக்க நிகழ்தகவு 92/100. அது நல்லதாகவே வந்துவிட்டது. இப்போது உங்கள் நம்பிக்கை Beta(8, 92) அல்ல, Beta(8, 93). ஆகவே இரண்டாவது நல்லதாக இருக்க 93/101. அதுவும் நல்லது என்றால் மூன்றாவதற்கு 94/102. ஒவ்வொரு நல்ல பாகமும் "p நாம் நினைத்ததை விடக் குறைவோ" என்று நம்மைக் கொஞ்சம் நகர்த்துகிறது, அடுத்ததன் வாய்ப்பும் கொஞ்சம் ஏறுகிறது. இப்படியே பத்தையும் பெருக்கினால்:

```
92/100 · 93/101 · 94/102 · … · 101/109 = 0.4506
```

பெட்டியில் 8 சிவப்புக் குண்டு, 92 வெள்ளைக் குண்டு. ஒன்றை எடுக்கிறீர்கள். எடுத்ததைத் திரும்பப் போடும்போது அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுகிறீர்கள். போல்யா பெட்டி என்பது இதுதான், கணக்கும் அச்சு அசலாக இதே கணக்கு. நீங்கள் செய்தது, எடுத்த குண்டை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு, பார்த்ததை மறந்துவிட்டு, அடுத்ததை எடுப்பது. அதனால் 0.434.

சரிபார்க்க பைத்தானில் இரண்டு வரி போதும்:

```python
from math import prod
print(prod((92 + i) / (100 + i) for i in range(10)))
```

இன்னும் உறுத்தினால் இப்படிச் சின்னதாக்கிப் பாருங்கள். p ஒன்று 0.04, இல்லை 0.12, இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. சராசரி அதே 0.08. முதலாவது உண்மை என்றால் பத்தும் நல்லதாக இருக்க 0.96-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும், 0.665. இரண்டாவது உண்மை என்றால் 0.88-ஐ, 0.279. இரண்டின் சராசரி 0.472. இதுவும் 0.434-ஐ விட அதிகம். p-யைச் சராசரி எடுத்துவிட்டு அடுக்கேற்றுவதும், அடுக்கேற்றிவிட்டுச் சராசரி எடுப்பதும் வேறு வேறு. கேட்ட நிகழ்தகவுக்குப் பின்னதுதான் வேண்டும். உங்கள் முதல் விடையான 0.477-இலும் இதே பிழை இருக்கிறது, கூடவே முகட்டுப் பிழையும் சேர்ந்துகொண்டது: 91/98-ஐப் பத்து தடவை பெருக்கியிருக்கிறீர்கள்.

"0.434-க்கும் 0.451-க்கும் என்ன பெரிய வித்தியாசம், பாதி மதிப்பெண் போடலாமே" என்று தோன்றலாம். பத்துப் பாகத்துக்கு அது சின்ன வித்தியாசம்தான். ஒரே ஒரு பாகத்துக்கு வித்தியாசமே கிடையாது, இரண்டு வழியிலும் 0.92. ஆனால் 100 பாகத்துக்குப் போட்டுப் பாருங்கள். 0.92-ஐ நூறு தடவை பெருக்கினால் 0.00024. சரியான வழியில் 0.0032, பதின்மூன்று மடங்குக்கும் மேல். எவ்வளவு தூரத்துக்குக் கணிக்கிறோமோ அவ்வளவுக்கு p தெரியாததன் விலை ஏறுகிறது.

பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் நான் சில வருடம் ஒரு வார்ப்பாலையின் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவன், இந்தக் கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இந்த முறை முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. p என்ன என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு பாகமும் தனித்தனி, ஒன்றின் பழுது அடுத்ததைப் பாதிக்காது. வார்ப்பில் அது அடிக்கடி பொய்க்கும். அச்சு அடிக்கும் மணலில் ஈரம் ஏறிவிட்டால் நீராவி உலோகத்துக்குள் சிக்கி ப்ளோ ஹோல் என்ற வெற்றுக் குழி விழும். அது ஒரு பாகத்தோடு நிற்காது, அந்த மணலில் அடித்த அச்சு அத்தனையிலும் வரப் பார்க்கும். ஒரு முறை நாங்கள் சோதித்த 60-இலும் பழுதுகள் இப்படித்தான் வந்தன, தட்டு எண்ணைப் பார்த்தால் முக்கால்வாசி அடுத்தடுத்து. அதை நான் கவனிக்காமல் 60-ல் இத்தனை என்று மட்டும் கூட்டி எழுதி, அறிக்கையில் விகிதத்தைப் போட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். 60 தனித்தனித் தகவல் என்று நான் நினைத்தது உண்மையில் ஐந்தாறு மணல் கலவையைப் பற்றிய தகவல். ப்ரையரின் 40-க்கு எதிராகத் தரவுக்கு 60 எடை கொடுத்தது அங்கே ரொம்ப அதிகம்.

உங்கள் புத்தகக் கணக்கில் "சமவாய்ப்பு முறையில் எடுத்த 60 பாகங்கள்" என்று ஒரு வரி இருக்கிறது, போட்டோவின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு. அந்த வரி இருப்பதால்தான் 6-ஐயும் 54-ஐயும் அப்படியே அடுக்கில் கூட்டலாம். நிஜப் பட்டறையில் அந்த வரியை யாரும் எழுதித் தரமாட்டார்கள். பழுது வந்த ஆறின் வரிசை எண்ணை வாங்கிப் பாருங்கள். 7, 19, 23, 38, 44, 57 என்று சிதறியிருந்தால் Beta(8, 92) என்று எழுதுங்கள். 31, 32, 33, 34, 36, 37 என்று இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 31-ஆவது அச்சுக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.