முருங்கைப் பொடி விற்கும் இணையதளத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது?

கேள்வி: வீட்டிலேயே முருங்கைக்கீரைப் பொடி தயாரித்து விற்கிறேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இருக்கிறது. இப்போது சொந்தமாக இணையதளம் தொடங்கியிருக்கிறேன். "300 நோய்களை விரட்டும், சுகர், பிபி, மூட்டுவலிக்கு நிரந்தரத் தீர்வு, பாலைவிட 17 மடங்கு கால்சியம், பக்கவிளைவே இல்லை" என்று எழுதியிருந்தேன். இப்படி எழுதினால் வழக்கு வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். "தீர்வு" என்பதை எடுத்துவிட்டு "உதவும்" என்று மாற்றினால் போதுமா?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: போதாது. "சுகருக்குத் தீர்வு" என்றாலும் "சுகரைக் கட்டுப்படுத்த உதவும்" என்றாலும் படிப்பவர் மனதில் பதிவது ஒன்றுதான்: இந்தப் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும். அதிகாரிகளும் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்லை. பக்கம் முழுவதையும் படித்த சாதாரண வாடிக்கையாளர் என்ன நம்புவார் என்றுதான் பார்ப்பார்கள். சிக்கல் வினைச்சொல்லில் இல்லை, நோயின் பெயரில் இருக்கிறது.

முதலில் உங்கள் பொடி சட்டப்படி என்ன பொருள் என்று பார்ப்போம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வைத்திருப்பதால் நீங்கள் விற்பது உணவு. உணவைப் பற்றி எழுதும்போது அது ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சொல்லவே கூடாது. உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 10 லட்சம் வரை விதிக்கலாம்; மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

"அப்படியானால் சித்த மருந்து உரிமம் எடுத்துவிட்டால் எழுதலாமா?" என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். அங்கேயும் கதவு முழுதாகத் திறக்காது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், உடல் பருமன், வாதநோய், இதயநோய், புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. அந்த நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யவே கூடாது, மருந்து உரிமம் பெற்றவரும்கூட. முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. உணவாக விற்கும் பொடியை நோய்க்கு மருந்து என்று நீங்களே எழுதினால், அந்தச் சட்டத்தின் பார்வையில் அதுவும் மருந்தாகத் தெரியலாம். பயமுறுத்தியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

சரி, சட்டத்தை விடுங்கள். சுகர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள். "நிரந்தரத் தீர்வு" என்ற சொல்லை நான் வெட்டச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இப்போது அந்த 17 மடங்கு கால்சியத்துக்கு வருகிறேன். நான் பார்த்த முருங்கைப் பொடிப் பக்கங்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. இது அப்பட்டமான பொய் இல்லை. ஆனாலும் ஏமாற்றும் வரி. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலில் 100 கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். அதன் 17 மடங்கு என்றால் 100 கிராம் பொடியில் ஏறத்தாழ 2,040 மில்லிகிராம். எடைக்கு எடை வைத்தால் உலர்ந்த இலையில் அந்த அளவு வரக்கூடும். தண்ணீர் போய்விட்ட பொருளல்லவா. ஆனால் 100 கிராம் பொடியை யார் ஒரு நாளில் சாப்பிடுகிறார்கள்? சூப்பிலோ அடை மாவிலோ 5 கிராம் போட்டால் அதிகம். அந்த 5 கிராமில் கிடைப்பது சுமார் 100 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 240 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, வாடிக்கையாளர் உண்மையில் சாப்பிடும் அளவில் உங்கள் பொடி தருவது அரை டம்ளர் பாலுக்கும் குறைவான கால்சியம். "17 மடங்கு" என்று படித்துவிட்டுக் குழந்தைக்குப் பாலை நிறுத்திப் பொடியைக் கொடுக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

"ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி" என்ற வரி இன்னும் மோசம். அது பச்சை இலைக்குச் சொன்னது. உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடும். பச்சை இலையின் எண்ணைப் பொடிப் பாக்கெட்டின் மேல் ஒட்டக் கூடாது.

எனவே எண் எழுத விரும்பினால் அது உங்கள் பொடியின் எண்ணாக இருக்க வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் பொடியைக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அறிக்கை 100 கிராமுக்குத்தான் வரும். நீங்கள் அதை ஒரு வேளை அளவுக்கு மாற்றி எழுதுங்கள். அறிக்கையின் தேதியையும் எந்தத் தொகுதிப் பொடி என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் காட்ட வேண்டும். மழைக்கால இலைக்கும் கோடைக்கால இலைக்கும் வித்தியாசம் வரும் என்பதால் "சுமார்" என்று போடுவது நியாயம். அறிக்கை இல்லையென்றால் எண்ணே வேண்டாம். எண் இல்லாமலும் பொடி விற்கும்.

பக்கத்தை நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> முருங்கைக்கீரைப் பொடி, 100 கிராம். ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த முருங்கை இலையை அலசி, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்தது. வேறு எதுவும் சேர்க்கவில்லை. கீரையின் மணமும் லேசான கசப்பும் இருக்கும். சூப், அடை, பருப்புப் பொடியில் இரண்டு தேக்கரண்டி (சுமார் 5 கிராம்) சேர்க்கலாம். 5 கிராமில் சுமார் 100 மி.கி. கால்சியம், பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை 1,000 மி.கி. இது உணவுப்பொருள், மருந்துக்கு மாற்று அல்ல. வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தினமும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதில் 100 மி.கி. என்பது மேலே போட்ட கணக்கிலிருந்து வந்தது. அந்த இடத்தில் உங்கள் அறிக்கையின் எண்ணைப் போடுங்கள். 1,000 மி.கி. என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. வார்ஃபரின் எதற்கு என்றால், கீரைகளில் வைட்டமின் கே அதிகம், அது ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மாத்திரையின் வேலைக்கு எதிராகப் போகும். "பக்கவிளைவே இல்லை" என்ற வரி ஏன் நிற்காது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

கவனித்தீர்களா, "மருந்துக்கு மாற்று அல்ல" என்ற வரி அதே பத்தியில், அதே தமிழில், அதே எழுத்தளவில் இருக்கிறது. பல தளங்களில் மேலே தமிழில் பெரிதாக "சுகர் ஓடிப்போகும்" என்று எழுதிவிட்டு, பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு மறுப்பு வாசகம் போடுகிறார்கள். அது காப்பாற்றாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய வழிகாட்டுதல், மறுப்பு வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்றும், மேலே சொன்ன தவறான வாக்குறுதியைச் சரிக்கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

பாட்டி காலத்தையும் சித்தர்களையும் துணைக்கு அழைப்பது அடுத்த வழக்கம். "நம் வீடுகளில் பொரியலாகவும் சூப்பாகவும் நெடுநாளாகச் சாப்பிடும் கீரை" என்று எழுதலாம், அது உண்மை. "சித்தர்கள் சுகருக்குக் கொடுத்தது" என்றால் நோயின் பெயர் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிட்டது. "எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்தது" என்றும் எழுதாதீர்கள். அவர்கள் தந்தது தொழில் செய்வதற்கான பதிவு. பொடியின் பலனுக்கு அவர்கள் சான்று தரவில்லை. 14 இலக்கப் பதிவு எண்ணை மட்டும் போட்டால் போதும். "டீடாக்ஸ்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். எந்த நச்சு, எவ்வளவு வெளியேறியது என்று ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

வாடிக்கையாளர் விமர்சனங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "மூணு மாசத்துல சுகர் 280-லிருந்து 120-க்கு வந்துடுச்சு அக்கா" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவர் மாத்திரையை மாற்றினாரா, சோற்றைக் குறைத்தாரா, நடக்க ஆரம்பித்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தளத்தில் போட்ட நிமிடத்திலிருந்து அது உங்கள் வாக்குமூலம். அவர் எழுதியதில் பாதியை வெட்டி அர்த்தத்தை மாற்றிப் போடுவதும் சரியில்லை. அதைத் தளத்தில் போடாமல் விட்டுவிட்டு, மணம், சுவை, பாக்கெட் வந்து சேர்ந்த விதம் பற்றிப் பேசும் விமர்சனங்களைப் போடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளும் அதே மாதிரிதான். எலிக்கு முருங்கை இலைச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு, மனிதர் சூப்பில் போடும் இரண்டு தேக்கரண்டிப் பொடிக்குச் சான்றாகாது. "வாங்க" என்ற பொத்தான் இருக்கும் பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுத்தால் அதுவும் விளம்பரம்தான்.

திருத்த உட்காரும்போது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகளோடு நிறுத்திவிடாதீர்கள். கூகுள் தேடலில் பெயருக்குக் கீழே வரும் சிறு விவரம், படங்களுக்குக் கொடுத்த மாற்று உரை, படத்துக்குள்ளேயே எழுதிய "சுகர் கில்லர்" மாதிரி வாசகம், கடையில் "சர்க்கரை நோய்" என்று வைத்த பிரிவின் பெயர், இன்ஸ்டாகிராம் ஹேஷ்டேக் எல்லாவற்றிலும் பழைய வாக்குறுதி ஒட்டிக்கொண்டிருக்கும். தளத்துக்குள்ளேயே "சுகர்", "நோய்", "குணம்", "தீர்வு", "பக்கவிளைவு" என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். படத்துக்குள் இருப்பது தேடலில் வராது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிறகு முருங்கைப் பொடியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் ஃபோனில் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இது எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். ஏதாவது நோயின் பெயர் அவர் வாயில் வந்தால் எங்கோ ஒரு வரி இன்னும் மிச்சம் இருக்கிறது.

அப்புறம், அச்சடித்து வைத்திருக்கும் லேபிள்களையும் எடுத்துப் பாருங்கள். லேபிளும் சட்டப்படி விளம்பரம்தான். "300 நோய்" அதில் இருந்தால் மிச்சப் பாக்கெட்டுகளை அப்படியே அனுப்ப வேண்டாம். புது லேபிள் அடித்து மாற்றிய பிறகு விற்பனையைத் தொடருங்கள்.