மூத்த பிள்ளை தலையில் விழும் வேலை: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. அதற்குள் வருவதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மேடம், மகள் எட்டாவது. பையனுக்கு ஐந்து வயசு. நான் வேலை முடிந்து வர ஏழாகும். அதுவரைக்கும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இப்போதெல்லாம் தம்பியைக் கண்டாலே எரிந்து விழுகிறாள்.

உங்கள் வீடு மாதிரியே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெண்ணும் எட்டாவதுதான். வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை என்று ஆசிரியர் அனுப்பிவைத்தார். சாயங்காலம் நாலேகாலிலிருந்து நடப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். தம்பியின் ஷூவைக் கழற்றுவது, பால் கொடுப்பது, அவன் எழுத்துப் பயிற்சி, தண்ணீர் பிடிப்பது என்று எழுதினாள். இதில் எது கஷ்டம் என்று கேட்டேன். பால், தண்ணீர் எதையும் அவள் தொடவில்லை. "கூப்பிட்டா வரமாட்டான். சத்தம் போட்டா அம்மாகிட்ட சொல்லிடுவான், எனக்குத் திட்டு விழும். சத்தம் போடாம விட்டா, ஏன் ஹோம்வொர்க் முடிக்கலன்னு அதுக்கும் திட்டு" என்றாள். பொறுப்பு முழுக்க அவளுடையது, ஆனால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. கசப்பு அங்கேதான் பிறக்கிறது. இன்னொன்று, அம்மா ஏழு என்பார், எட்டுக்கு வருவார், போன் வராது. எப்போது முடியும் என்று தெரியாத வேலை பெரியவர்களுக்கே ஆகாது.

அந்த அம்மா செய்தவை இவைதான். மகளை வைத்துக்கொண்டே பையனிடம், "நான் வர்ற வரைக்கும் டிவி, வாசல் கேட், தின்பண்டம் மூணுலயும் அக்கா சொல்றதுதான்" என்றார். அடிக்கக்கூடாது என்று அவளிடமும் சொன்னார். எழுத்துப் பயிற்சியை அவளிடமிருந்து எடுத்து, வீட்டுக்கு வந்தபின் தானே சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் பையன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அந்த இரண்டு நாளும் அவள் விளையாடப் போகலாம். தாமதமானால் முன்கூட்டியே போன். அப்புறம் ஒன்று, நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது: கதவைத் திறந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி "தம்பி சாப்பிட்டானா?" என்று இருக்கக்கூடாது. முதலில் அவளைக் கேளுங்கள், அவனைப் பற்றி அப்புறம்.

முதல் வாரம் நிலைமை மோசமானது. அக்காவுக்கு நிஜமாகவே அதிகாரம் வந்துவிட்டதா என்று பையன் சோதித்துப் பார்த்தான். அம்மா இரண்டு முறை அவள் பக்கம் நின்றபிறகுதான் அடங்கினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பாட்டி ஊருக்குப் போனதும் அந்த இரண்டு நாளும் காணாமல் போயின, மகள் அதைக் கவனித்துவிட்டாள். கொடுத்ததைச் சொல்லாமல் எடுத்தால், முதலிலேயே கொடுக்காமல் இருந்ததைவிட அதிகம் உறுத்தும்.

ஒன்பது வயசு மகனிடம் ஒன்றரை வயசுப் பாப்பாவை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்வரலாமா? பத்து நிமிஷம்தான்.

வேண்டாம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

நாங்க எல்லாம் தம்பி தங்கச்சியை இடுப்புல வச்சுத்தான் வளர்த்தோம். யாருக்கும் மனசு கெடல. இப்பதான் எல்லாத்துக்கும் ஆலோசனை.

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. சின்னவர்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொறுமையும் கைவேலையும் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது திண்ணையில் ஒரு பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார், தெருவில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடினார்கள். இடுப்பில் குழந்தை இருந்தாலும் நீங்களும் விளையாடினீர்கள். இன்று பூட்டிய வீட்டுக்குள் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளையும் ஒரு சின்னப் பிள்ளையும் மட்டும்.

அவருக்கு நான் பதில் சொல்றேன். யாருக்கும் மனசு கெடலன்னு எப்படித் தெரியும்? நான் மூத்தவள். ஐந்தாவதோட என் படிப்பு நின்னுச்சு, தம்பி இன்ஜினியர். இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல.

அம்மா, நான் உங்களைச் சொல்லலை. எங்க வீட்ல நான் பையன், நான்தான் பார்த்தேன்.

நீங்க பார்த்தீங்க, சரி. தங்கச்சி துணியைத் துவைச்சீங்களா?

துவைக்கலை. தூக்கி வச்சுக்கிட்டேன், பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனேன்.

இருவரும் தொடருங்கள், நிறுத்தச் சொல்ல மனமில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூத்தவன் பையனாக இருந்து அடுத்தவள் பெண்ணாக இருந்தால், பல வீடுகளில் பத்து வயசிலேயே வேலை அவள் கைக்கு வந்துவிடுகிறது. அப்போது அவளுடைய கோபம் தம்பிமீது அல்ல, சும்மா உட்கார்ந்திருக்கும் அண்ணன்மீது. அந்த வீட்டில் நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, அண்ணனுக்கும் ஒரு பங்கு பிரிக்க வேண்டும்.

காசு கொடுத்தால் பிரச்சனை தீர்ந்தது. நான் என் மகனுக்கு வாரம் நூறு ரூபாய் கொடுக்கிறேன்.

தீரலாம், சில வீடுகளில் தீர்ந்தும் இருக்கிறது. ஆனால் கூலி என்றால் "இன்னைக்கு எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அதோடு வரவேண்டும். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மறுக்கவிடாமல் செய்தால், கசப்பு போகாது, வாய் மட்டும் அடைந்துபோகும்.

அப்போ காசு கொடுக்கலாமா கூடாதா? நேரா சொல்லுங்க.

வழக்கமான வேலைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பரீட்சை நேரத்திலோ விடுமுறையிலோ கூடுதலாகக் கேட்கும்போது கொடுங்கள். வேறு ஆலோசகர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

பாப்பா பிறந்ததிலிருந்து மூன்று வயசுப் பெரியவன் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான்.

இது வேறு விஷயம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

என் மகளும் தம்பி மேல எரிஞ்சு விழறா, என்ன செய்றது?

முதல் பதிலைப் படியுங்கள்.

என் பெரியவளும் தம்பியைத் திட்டிக்கிட்டே இருக்கா மேடம்.

முதல் பதில்தான். இதே கேள்வி இத்தோடு போதும். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று இன்றைக்குக் கவனித்துவிட்டு எழுதுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. அம்மா கூலி வேலைக்குப் போவதால் ஒரு வயசுத் தங்கையைப் பார்க்கிறாளாம்.

டீச்சர், இங்கே கசப்பைப் பற்றிப் பேச நேரமில்லை, படிப்பே போகிறது. ஆறு முதல் பதினான்கு வயசு வரை பள்ளியில் இருப்பது அவளுடைய சட்ட உரிமை. ஆனால் அம்மாவைக் குற்றம் சொல்லிக்கொண்டு போனால் அடுத்த நாளே டிசி கேட்பார். குழந்தையை விட இடமில்லை என்பதுதான் அவர் சிக்கல். அங்கன்வாடி முன்பருவக் கல்வி இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான், ஒரு வயசுக் குழந்தைக்கு அது உதவாது. 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி வைத்தார்கள்: வேலையிடத்துக்கு ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை நிறுத்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. காசுக்குரிய வேலை என்று சட்டமே ஏற்றுக்கொண்ட ஒன்றைத்தான் உங்கள் மாணவி வகுப்பை விட்டுவிட்டுச் செய்கிறாள். அதே தெருவிலிருந்து வேலைக்குப் போகும் அம்மாக்கள் கூலியில் கொஞ்சம் போட்டு ஒருவரிடம் குழந்தைகளை விட முடியுமா என்று பேசிப் பாருங்கள், தலைமை ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதுவும் நடக்காமல் அவள் ஒரேயடியாக நின்றுவிட்டால் 1098க்குக் கூப்பிடுங்கள்.

நான் பிளஸ் டூ. பப்ளிக் எக்ஸாம் வருது. இரண்டு தங்கச்சிகளும் என் பொறுப்பு. சொன்னா "சுயநலம்"னு அம்மா அழறாங்க. அக்கா, நான் கெட்டவளா?

இல்லைம்மா. தங்கைகளைப் பிடித்திருந்தும் இந்த வேலை பிடிக்காமல் இருக்கலாம், இரண்டும் ஒரே மனசில் இருக்கும். அம்மா வேலையிலிருந்து வந்த கையோடு பேசாதே, சனி ஞாயிறில் பேசு. "என்னால முடியல" என்று ஆரம்பித்தால் மறுபடி அழுகையில்தான் முடியும். "பரீட்சை முடியற வரைக்கும் ஆறிலிருந்து எட்டு மணி எனக்கு வேணும், அந்த நேரம் தங்கச்சிங்களை யார்கிட்ட விடலாம்?" என்று மணியைச் சொல்லிக் கேள். அப்பாவும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும், திரும்ப எழுது.